41:27-இல் வெட்டச் சொன்னால் 41:25-இல் ஏன் தொடங்குகிறது?

இணையத்தில் ஒரு நூலகச் சொற்பொழிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 மணி 12 நிமிடம். அதில் நமக்கு வேண்டியது 41:27 முதல் 44:05 வரை பேச்சாளர் சொல்லும் ஒரு பகுதி மட்டும், அதாவது 2 நிமிடம் 38 நொடி. வீடியோ நொடிக்கு 2.5 மெகாபிட் வேகத்தில் பதிவாகியிருந்தால் முழுக் கோப்பு ஏறக்குறைய 1,350 எம்பி வரும். நமக்கு வேண்டிய பகுதி 50 எம்பிகூட இல்லை. ஐம்பதுக்காக ஆயிரத்து முந்நூற்றைம்பதை இறக்குவானேன் என்று நினைப்பது நியாயம்தான். அதற்கான வசதியும் இருக்கிறது. இணைய வீடியோக்களைச் சேமிக்கப் பலரும் பயன்படுத்தும் yt-dlp என்ற இலவசக் கருவியில் 2022-இல் இந்த வசதி சேர்ந்தது. தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டையும் கொடுத்தால் போதும்:

```
yt-dlp --download-sections "*41:27-44:05" "URL"
```

கணினியில் ffmpeg என்ற இன்னொரு இலவச மென்பொருளும் இருக்க வேண்டும். வெட்டும் வேலையைச் செய்வது அதுதான். நட்சத்திரக் குறி ‘இது நேர எல்லை’ என்று கருவிக்குச் சொல்கிறது. அது இல்லாவிட்டால், நீங்கள் கொடுத்ததை வீடியோவின் அத்தியாயத் தலைப்பு என்று எடுத்துக்கொண்டு தேடப் போகும். மேற்கோள் குறியையும் விட்டுவிடக் கூடாது. விட்டால் நட்சத்திரத்துக்கு டெர்மினல் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளும், மேக் கணினியில் பெரும்பாலும் ‘no matches found’ என்று திட்டிவிட்டு நின்றுவிடும். நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்று உண்டு. மணியை 10.30 என்று புள்ளி வைத்து எழுதிப் பழகிய கை, 41:27-ஐயும் 41.27 என்று அடித்துவிடும். கருவிக்கு அது நாற்பத்தொன்றரை நிமிடமாகத் தெரியாது, 41 நொடியும் கொஞ்சமுமாகத்தான் தெரியும். சொற்பொழிவுக்குப் பதில் வரவேற்புரை வந்து நிற்கும்.

சரி, எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தாயிற்று, கோப்பும் வந்துவிட்டது. திறந்து பார்த்தால் பேச்சு இரண்டு நொடி முன்னாலேயே தொடங்குகிறது. அல்லது குரல் சரியான இடத்தில் தொடங்குகிறது, படம் மட்டும் உறைந்து நின்று இரண்டு மூன்று நொடி கழித்துத் துள்ளி எழுகிறது. கருவி பழுது என்று நினைத்து வேறு கருவிக்குப் போனாலும் அங்கேயும் இதே கதைதான். பிரச்சினை வீடியோ எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

எல்லா ஃபிரேமும் முழுப் படம் அல்ல

நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் நொடிக்கு 25 புகைப்படம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். திரையில் பார்க்கும்போது அப்படித்தான். கோப்புக்குள் அப்படி இல்லை. வீட்டுச் செலவுக் கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் நாள் ‘கையிருப்பு 18,000’ என்று முழுத் தொகையை எழுதுகிறோம். அப்புறம் பால் 64, காய்கறி 210, ஆட்டோ 80 என்று மாற்றங்களை மட்டும்தான் எழுதிக்கொண்டு போகிறோம். 17-ஆம் தேதிப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்தால் அன்று கையில் எவ்வளவு இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் தேதியிலிருந்து கழித்துக்கொண்டு வந்தால்தான் தெரியும்.

H.264 போன்ற வீடியோ முறைகள் இப்படித்தான் எழுதுகின்றன. அவ்வப்போது ஒரு முழுப் படம் வரும், அதற்குக் கீஃபிரேம் என்று பெயர். அடுத்து வரும் ஃபிரேம்கள் முந்தையதிலிருந்து எது மாறியது என்பதை மட்டும் சொல்லும். பேச்சாளரின் கை அசைந்தால் கை மட்டும் மாறும், பின்னாலிருக்கும் திரைச்சீலையை மறுபடி எழுத வேண்டியதில்லை. ஐந்து நொடிக்கு ஒரு கீஃபிரேம் என்று வைத்தால், 125 ஃபிரேமில் ஒன்றுதான் முழுப் படம், மீதி 124-உம் மாற்றக் குறிப்புகள். ஒரு மணி நேர வீடியோவைச் செல்போன் தரவில் பார்க்க முடிவதே இந்தச் சிக்கனத்தால்தான். எடிட்டிங்குக்கென்றே எடுக்கும் சில கேமராப் பதிவுகளில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருக்கும், அவற்றை எங்கு வேண்டுமானாலும் வெட்டலாம். ஆனால் கோப்பு பல மடங்கு பெரிதாக இருப்பதால் இணையத்தில் யாரும் அப்படி வைப்பதில்லை.

கீஃபிரேம் எத்தனை நொடிக்கு ஒன்று வரும் என்பது வீடியோவைத் தயாரித்தவரைப் பொறுத்தது. வீடியோவைச் சுருக்கி எழுதப் பரவலாகப் பயன்படும் x264 என்கோடர் தன்னிச்சையாக விட்டால் அதிகபட்சம் 250 ஃபிரேமுக்கு ஒன்று வைக்கும், 25 ஃபிரேம் வீடியோவில் அது 10 நொடி. காட்சி சட்டென்று மாறினால் இடையிலும் ஒன்று வைக்கும். பட்டிமன்றம் போல நாலைந்து கேமரா மாறி மாறி வரும் நிகழ்ச்சியில் அதனால் கீஃபிரேம் நெருக்கமாகக் கிடைக்கலாம். ஒரே கேமராவை நிறுத்தி வைத்து எடுத்த சொற்பொழிவில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. நேரலைக்கு யூட்யூப் 2 நொடிக்கு ஒன்று வைக்கச் சொல்கிறது, 4 நொடியைத் தாண்டக் கூடாது என்கிறது.

இப்போது நம் 41:27-க்கு வருவோம். வீடியோவில் 41:25.2-இல் ஒரு கீஃபிரேமும் 41:30.2-இல் அடுத்ததும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் கேட்ட இடம் இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. 41:27-இல் இருக்கும் ஃபிரேம் வெறும் மாற்றக் குறிப்பு, அதை முதல் ஃபிரேமாக வைத்தால் எதிலிருந்து மாற்றம் என்று தெரியாது. ஆகவே வெட்டும் கருவிக்கு மூன்று வழிதான். 1.8 நொடி பின்னால் போய் 41:25.2-இலிருந்து எடுக்கலாம். அல்லது 3.2 நொடி காத்திருந்து 41:30.2-இலிருந்து படத்தைத் தொடங்கலாம். அல்லது 41:25.2-இலிருந்து எல்லாவற்றையும் பிரித்துப் படமாக்கி, 41:27-இன் படத்தைப் புதிய கீஃபிரேமாக எழுதி, அங்கிருந்து முழுத் துண்டையும் மறுபடி என்கோடு செய்யலாம். முதல் இரண்டும் நகலெடுப்பு, சில நொடியில் முடியும், படத்தின் தரமும் அப்படியே இருக்கும். மூன்றாவது மட்டுமே சொன்ன இடத்தில் துல்லியமாக நிற்கும். ஆனால் கணினி உழைக்க வேண்டும், தரத்திலும் கொஞ்சம் போகும்.

ஒலிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏஏசி ஒலி 1,024 மாதிரிகள் கொண்ட சிறு பொட்டலங்களாக இருக்கிறது. நொடிக்கு 44,100 மாதிரி எடுத்த பதிவில் ஒரு பொட்டலம் 23 மில்லிநொடிதான், எதையும் முழுப் படத்துக்காகக் காத்திருக்க வைக்காது. ஆகவே ஒலியை 41:27-இலேயே வெட்டலாம். படத்தை வெட்ட முடியாது. குரல் ஓடிக்கொண்டிருக்கும்போது படம் உறைந்து நிற்கும் அந்தக் காட்சி இங்கிருந்துதான் பிறக்கிறது.

முடிவு நேரம் இவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. 44:05 வந்ததும் படிப்பதை நிறுத்தினால் வேலை முடிந்தது, கடைசி ஃபிரேமுக்கு வேண்டிய முந்தைய விவரமெல்லாம் கோப்பில் ஏற்கெனவே இருக்கும். சில ஃபிரேம்கள் பின்னால் வருவதையும் பார்த்து எழுதப்பட்டிருப்பதால் ஓரிரு ஃபிரேம் கூடக் குறைய ஆகலாம், கண்ணுக்குத் தெரியாது. தொடக்கத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

முழுவதையும் இறக்காமல் நடுப்பகுதி எப்படி வருகிறது?

பெரிய தளங்களில் நீள வீடியோ பெரும்பாலும் ஒரே கோப்பாக அனுப்பப்படுவதில்லை. சில நொடி நீளத் துண்டுகளாக அடுக்கப்பட்டிருக்கும், எந்தத் துண்டு எத்தனை நொடி என்ற பட்டியலும் கூடவே இருக்கும். ஆப்பிள் வகுத்த எச்எல்எஸ் முறையில் அந்தப் பட்டியல் m3u8 என்ற உரைக் கோப்பு, துண்டுக்கு 6 நொடி என்பது அவர்களுடைய பரிந்துரை. நம் சொற்பொழிவு அப்படி இருந்தால் 4,320 நொடிக்கு 720 துண்டு. 41:27 என்பது 2,487-ஆவது நொடி. ஆறால் வகுத்தால் 414 முழுத் துண்டுகளைத் தாண்டி 415-ஆவதில் விழுகிறது. 44:05 என்பது 2,645-ஆவது நொடி, அது 441-ஆவது துண்டில் இருக்கிறது. ஆக 720-இல் வேண்டியது 27 துண்டு. மீதி எதையும் தொட வேண்டியதில்லை. ஒவ்வொரு துண்டும் வழக்கமாகக் கீஃபிரேமில்தான் தொடங்கும் என்பதால் 415-ஆவது துண்டை நடுவிலிருந்து திறப்பதில் சிக்கலும் இல்லை.

ஒரே mp4 கோப்பாக இருக்கும் தளங்களில் கதை வேறு. அந்தக் கோப்புக்குள் எந்த நொடி எந்த பைட்டில் இருக்கிறது என்ற அட்டவணை ஒன்று உண்டு. கருவி முதலில் அதைப் படித்து, 41:25.2-க்கான பைட் எங்கே என்று கண்டுபிடித்து, ‘இந்த பைட்டிலிருந்து கொடு’ என்று சர்வரிடம் கேட்கும். சர்வர் ஒத்துக்கொண்டால் 206 என்ற பதிலோடு அந்தப் பகுதியை மட்டும் அனுப்பும். சில சர்வர்களுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. எங்கிருந்து கேட்டாலும் 200 என்று சொல்லி முதலிலிருந்தே ஊற்றும். அப்போது கருவி 41 நிமிட வீடியோவையும் வாங்கி வாங்கி எறிந்துவிட்டுத்தான் நம் இடத்துக்கு வர முடியும். இரண்டரை நிமிடத் துண்டுக்கு இருபது நிமிடம் காத்திருக்க நேர்ந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். வீடியோ கோப்பின் நேரடி முகவரி தெரிந்தால் முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம்:

```
curl -I "URL"
```

பதிலில் `Accept-Ranges: bytes` என்ற வரி இருந்தால் பொதுவாகப் பகுதியாகக் கொடுக்கும் சர்வர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

முகவரியை ஒட்டி, நேரத்தைக் கொடுத்து, பொத்தானை அழுத்தச் சொல்லும் இணையதளங்களும் இருக்கின்றன. அங்கே வேலை நடப்பது அவர்கள் கணினியில். நகலெடுக்கிறார்களா, மறுபடி என்கோடு செய்கிறார்களா, எந்தத் தரத்தில் என்று நமக்குத் தெரிய வழியில்லை. விளம்பரத்துக்கு நடுவில் சரியான பொத்தானைத் தேடுவது தனித் திறமை. எனக்கு அவற்றின் மேல் பெரிய மதிப்பில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். யூட்யூப் முகவரியின் வாலில் `t=2487` என்று சேர்த்தால் 41:27-இலிருந்து ஓடும். வேறு பக்கத்தில் பதிக்கும்போது `start`, `end` இரண்டும் கொடுக்கலாம். இவை ப்ளேயருக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே, எந்தக் கோப்பும் வெட்டப்படுவதில்லை. மூல வீடியோ நீக்கப்பட்டால் இதுவும் போய்விடும். பகிர்வதற்கு மட்டும்தான் தேவை என்றால் இதுவே போதும், சேமிக்க வேண்டிய அவசியமே இல்லை. சேமிக்கும் உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. யூட்யூப்பின் விதிமுறைகள், தளம் தானே அனுமதித்த இடங்களிலும் உரிய அனுமதி பெற்ற இடங்களிலும் தவிர, தரவிறக்கத்தைத் தடுக்கின்றன. நம் சொந்தப் பதிவு, பதிவேற்றியவர் எழுதிக் கொடுத்த அனுமதி, பொதுவுரிமைக் காணொளி என்று இருந்தால் மனசாட்சி உறுத்தாமல் வெட்டலாம்.

துல்லியமாக வேண்டும் என்றால்

yt-dlp-யிலேயே ஒரு தேர்வு இருக்கிறது. மேலே கொடுத்த கட்டளையோடு `--force-keyframes-at-cuts` என்று சேர்த்தால் மூன்றாவது வழியில் போகும். சொன்ன இடத்தில் புதுக் கீஃபிரேம் வைத்து, முழுத் துண்டையும் மறுபடி என்கோடு செய்யும். 41:27 என்றால் 41:27-தான். ஆனால் இறக்குவதும் என்கோடு செய்வதும் ஒன்றாக நடப்பதால் மெதுவாக இருக்கும். அதோடு எந்தத் தரத்தில் எழுதுவது என்பதை ffmpeg தன் வழக்கமான அமைப்பில் தானே முடிவு செய்துகொள்கிறது. வீடியோ webm வகையில் வந்தால் இன்னும் பொறுமை வேண்டும், அந்த வகைக்கான VP9 என்கோடிங் சாதாரண மடிக்கணினியை மூச்சுத் திணற வைக்கும்.

நான் சொல்வது வேறு வழி. இறக்கும்போது துல்லியத்தைக் கேட்காமல், இரண்டு பக்கமும் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொள்வது. துணி தைக்கிறவர்கள் ஓரம் விடுவதில்லையா என்று எழுத வந்தது, வேண்டாம், ஒரு உவமை போதும். 41:15 முதல் 44:20 வரை கேளுங்கள். H.264 வகையைத் தேர்ந்தெடுத்தால் பின்னால் வேலை எளிது:

```
yt-dlp -f "bv*[vcodec^=avc1]+ba[ext=m4a]" \
  --download-sections "*41:15-44:20" -o raw.mp4 "URL"
```

வந்த `raw.mp4` எந்த நொடியில் தொடங்குகிறது என்று கணக்குப் போட வேண்டாம். 41:15-க்கு முந்தைய கீஃபிரேம் எங்கே என்று நமக்குத் தெரியாததால் கழித்தல் கணக்கு ஏமாற்றும். கோப்பைத் திறந்து, நமக்கு வேண்டிய வாக்கியம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று காதால் கேட்டுக் குறித்துக்கொள்வதே மேல். அது 12.4-ஆவது நொடியில் வருகிறது என்று வையுங்கள். நீளம் 158 நொடி. இனி வீட்டிலேயே வெட்டலாம்:

```
ffmpeg -ss 12.4 -i raw.mp4 -t 158 \
  -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 160k clip.mp4
```

இதில் `-crf 18` என்பது தர அளவு. எண் குறைந்தால் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். எதுவும் சொல்லாவிட்டால் x264 எடுத்துக்கொள்வது 23. ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்ட வீடியோவை மறுபடி சுருக்குகிறோம் என்பதால் 18 பக்கம் போவது நல்லது, பெரும்பாலானோர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டரை நிமிடத் துண்டு என்பதால் நேரமும் அதிகம் பிடிக்காது. துண்டு அரை நொடி முன்னால் தொடங்கிவிட்டது என்றால் 12.4-ஐ 12.9 ஆக்கி மறுபடி ஓட்டினால் போதும். இணையத்திலிருந்து மறுபடி எதையும் இறக்க வேண்டாம். இந்த வழியை நான் விரும்புவதற்கு முக்கியக் காரணம் அதுதான். வெட்டும் இடத்தை யாரும் ஒரே தடவையில் சரியாகச் சொல்வதில்லை.

`-ss` எங்கே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். `-i`-க்கு முன்னால் இருந்தால், கோப்பில் நேராக அந்த இடத்துக்குத் தாவு என்று பொருள். பின்னால் இருந்தால், முதலிலிருந்து படித்துக்கொண்டே வந்து அந்த நேரம் வரும்வரை எறி என்று பொருள். மறுபடி என்கோடு செய்யும்போது இரண்டிலும் விடை ஒன்றேதான், வேகம்தான் வேறு. `-c copy` என்று நகலெடுக்கும்போது விடையே மாறிவிடும். முன்னால் வைத்தால் முந்தைய கீஃபிரேமிலிருந்து எடுக்கும், நம் எடுத்துக்காட்டில் 41:25.2. பின்னால் வைத்தால் 41:27-க்கு முந்தைய கீஃபிரேம் ஏற்கெனவே எறியப்பட்டுவிடுகிறது. ஒலி 41:27-இல் தொடங்க, படம் அடுத்த கீஃபிரேமான 41:30.2-இல்தான் வரும். முதல் மூன்று நொடி கறுப்பாகவோ உறைந்தோ இருந்தால் `-ss` இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள்.

இன்னொரு பொறி `-to`. முழுக் கோப்பையும் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இப்படி எழுதுவார்கள்:

```
ffmpeg -ss 41:27 -i full.mp4 -to 44:05 -c copy clip.mp4
```

பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. வருவதோ 30 நிமிடம் 33 நொடி ஓடும் கோப்பு. `-ss` முன்னால் இருந்து தாவியதும் கடிகாரம் சுழியத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்குகிறது, பின்னால் இருக்கும் `-to 44:05` அந்தப் புதுக் கடிகாரத்தில் 44 நிமிடத்தைக் கேட்கிறது. 72 நிமிடத்தில் 41:27 போனால் மிச்சம் 30:33-தான் இருக்கிறது, அதனால் முடிவுவரை எடுத்துவிட்டு நிற்கிறது. `-to`-வையும் `-i`-க்கு முன்னால் நகர்த்தினால் சரியாகும். அதை அங்கே ஏற்காத பழைய ffmpeg என்றால் முடிவு நேரத்தை விட்டுவிட்டு `-t 158` என்று நீளத்தைக் கொடுக்கலாம்.

வெட்டாமலே வெட்டியதுபோல்

எல்லா நேரமும் துல்லியம் வேண்டும் என்பதில்லை. தரம் துளியும் குறையக் கூடாது, இரண்டு நொடி முன்னால் தொடங்கினால் பரவாயில்லை என்றால் நகலெடுப்பே சிறந்தது. அப்போது கீஃபிரேம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப வெட்டும் இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -skip_frame nokey \
  -show_entries frame=pts_time -of csv=p=0 raw.mp4
```

0, 5, 10, 15 என்று நொடிகள் வரிசையாக வரும். நீங்கள் விரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் பேச்சாளர் மூச்சுவிடும் இடமும் ஒரு கீஃபிரேமும் சேர்ந்து அமைந்தால் யோகம். கட்டளைகள் பிடிக்காதவர்களுக்கு LosslessCut என்ற இலவச மென்பொருளில் கீஃபிரேம் விட்டுக் கீஃபிரேம் தாவும் பொத்தான்கள் இருக்கின்றன. Avidemux-இல் மேல் கீழ் அம்பு விசைகள் அதே வேலையைச் செய்கின்றன. LosslessCut-இல் ஓரத்து ஃபிரேம்களை மட்டும் மறுபடி என்கோடு செய்து, நடுவை அப்படியே நகலெடுக்கும் ஒரு வசதியும் உண்டு, ஆனால் அவர்களே அதைச் சோதனை நிலையில் இருப்பதாகத்தான் சொல்கிறார்கள்.

நகலெடுத்து வெட்டியதில் கடைசியாக ஒரு விசித்திரம் வரும். அதே கோப்பு ஒரு ப்ளேயரில் சரியாக 41:27-இல் தொடங்கும், இன்னொன்றில் 41:25-இல் தொடங்கும். mp4 கோப்புக்குள் ‘முதல் 1.8 நொடியைக் காட்டாமல் தாவிவிடு’ என்று ஒரு குறிப்பை எழுத இடமிருக்கிறது. முந்தைய கீஃபிரேமிலிருந்து எடுத்த ffmpeg, கூடுதலாக வந்த 1.8 நொடியை இந்தக் குறிப்பால் மறைத்துவிடுகிறது. குறிப்பை மதிக்கும் ப்ளேயர் அந்த ஃபிரேம்களைத் திரையில் காட்டாமல் உள்ளுக்குள் மட்டும் பிரித்துக்கொண்டு, சொன்ன இடத்திலிருந்து காட்டும். மதிக்காத ப்ளேயர் எல்லாவற்றையும் காட்டும், அல்லது படத்தையும் ஒலியையும் கொஞ்சம் பிசகவிடும். யாருக்கோ அனுப்பிய வீடியோவில் ‘உதடும் குரலும் ஒட்டவில்லையே’ என்று பதில் வந்து, நம் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடினால், சந்தேகப்பட வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மறைக்கப்பட்ட ஃபிரேம்கள் நீக்கப்பட்டவை அல்ல, கோப்பில்தான் இருக்கின்றன. 41:26-இல் யாரோ ஒரு குழந்தையின் முகமோ, பலகையில் ஒரு கைப்பேசி எண்ணோ தெரிந்தது, அதைத் தவிர்க்கத்தான் 41:27-இல் வெட்டினோம் என்றால், நகலெடுத்து வெட்டிய mp4 அந்தப் படத்தையும் சுமந்துகொண்டே போகும். குறிப்பைப் பொருட்படுத்தாமல் ஓட்டிப் பார்த்தால் அது தெரிந்துவிடும்:

```
ffplay -ignore_editlist 1 clip.mp4
```

வெட்டிய இடத்துக்கு முந்தையது ஏதாவது திரையில் வந்தால், அந்தக் கோப்பை வெளியே அனுப்பும் முன் `libx264` கொண்டு மேலே சொன்னபடி மறுபடி என்கோடு செய்துவிடுங்கள். புதிதாக எழுதப்படும் வீடியோ 41:27-இன் படத்தில்தான் தொடங்கும், அதற்கு முந்தைய ஃபிரேம் எதுவும் அதில் இருக்காது.